குரங்குக்கு அடுத்த கேள்வி: ஒரு மின்தடையைச் செய்தியாக்கிய அனுபவம்

கரண்ட் போனால் செய்தி அறையில் முதலில் எழும் கேள்வி "ஏன் போனது?" என்பதுதான். முதல் ஒரு மணித்தியாலத்தில் நம்பிக்கையான பதில் கிடைக்காத கேள்வியும் அதுதான். எப்போது போனது, எங்கெங்கே போனது, எதெல்லாம் நின்றுவிட்டது என்ற மற்றக் கேள்விகளுக்கு நாமே விசாரித்துப் பதில் எடுக்கலாம். ஆனால் வாசகரும் ஆசிரியரும் கேட்பது காரணத்தை. அதனால் காரணம் தெரியாமலே காரணத்தை எழுதும் சபலம் எல்லாருக்கும் வருகிறது.

கொழும்பில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் வேலை செய்கிறேன். 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9, 2025 பெப்ரவரி 9 என்று நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாட்கள் வரிசையாக வந்திருக்கின்றன. இங்கே கடைசி நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டது என்று உலகம் முழுக்கச் சிரித்த கதை அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் மின்விசிறி நின்றது. பக்கத்து ஒழுங்கையில் டியூஷன் வகுப்பு ஒன்றிலிருந்து பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை இருந்ததால் அந்த ஞாயிறுகளில் வகுப்புகள் நிரம்பி வழிந்த காலம். இவ்வளவு மட்டும் தெரிந்தால் அது செய்தி அல்ல. எங்கள் ஒழுங்கையின் மின்மாற்றியில் பியூஸ் போயிருக்கலாம். தெருவில் பாதி வீடுகளில் விளக்கு எரிந்து பாதி வீடுகள் இருட்டாக இருந்தால் மூன்று பேஸில் ஒன்று மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். கொழும்பு நகருக்குள் 11 கிலோவோல்ட் கேபிள்கள் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் போவதால், ஒரு கேபிள் பழுதானாலே சில வீதிகள் சேர்ந்து போகும். இவை எல்லாம் உள்ளூர்ப் பிரச்சினைகள். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்து, மின்பட்டியலில் உள்ள கணக்கிலக்கத்தைச் சொல்லி முறையிட வேண்டியவை. நாங்கள் செய்தி எழுத வேண்டியவை அல்ல.

எனவே முதல் வேலை, போனது எந்தப் படியில் என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. அப்போது கொழும்பு நகருக்கு மின்சாரம் கொடுத்தது இலங்கை மின்சார சபை. நுகேகொட, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, மொறட்டுவை போன்ற பக்கங்களுக்குக் கொடுப்பது லெகோ நிறுவனம். அதன் முறைப்பாட்டு இலக்கம் 1910. இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே தேசிய மின்கட்டமைப்பு. ஆகவே வெள்ளவத்தையிலும் நுகேகொடையிலும் ஒரே நேரத்தில் இல்லை என்றால், பிரச்சினை இரண்டு விநியோகத்துக்கும் மேலே, உயர் அழுத்தக் கம்பியிலோ பெரிய உப மின்நிலையத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் அதே நிமிடம் இல்லை என்றால் கட்டமைப்பே விழுந்துவிட்டது.

என் கைபேசியில் இதற்கென்றே சில பேரின் இலக்கங்கள் ஒன்றாகச் சேமித்து வைத்திருக்கிறேன்: கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடைக்காரர், நுகேகொடையில் பழைய சக ஊழியர் ஒருவர், கண்டியில் ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பன், மட்டக்களப்பில் இன்னொரு நிருபர். இவர்களிடம் கேட்பது இரண்டே கேள்வி. கரண்ட் இருக்கிறதா? இல்லை என்றால் எத்தனை மணிக்குப் போனது? கண்டி அக்கா, "இப்பதான் போச்சு தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றார். யாழ்ப்பாண நண்பன் எடுத்த எடுப்பில், "அங்கயும் இல்லையோ? அப்ப நாடு முழுக்கத்தான் மச்சான்" என்றான். நேரங்கள் ஒத்துப்போவதுதான் இங்கே சாட்சி. ஓர் இடத்தில் காலை பத்துக்குப் போய், இன்னோர் இடத்தில் பதினொன்றரைக்குப் போயிருந்தால் அவை இரண்டு தனித்தனிப் பழுதுகளாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து "நாடளாவிய மின்தடை" என்று எழுதிவிட்டால் பிறகு திருத்தம் போடத்தான் நேரம் சரியாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் நாங்கள் வெளியிட்ட முதல் செய்தி மிகச் சிறியது. கிட்டத்தட்ட இப்படி:

"கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, நுகேகொட பகுதிகளிலும் கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நகரங்களிலும் இன்று முற்பகல் 11.30 மணியளவில் ஒரே நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டுள்ளது. இதற்கான காரணம் இதுவரை அறிவிக்கப்படவில்லை. மின்சாரம் மீண்டும் வரும் நேரமும் அறிவிக்கப்படவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களையும் வெட்டிவிடலாமே, சும்மா இடத்தைப் பிடிக்கின்றன என்று மேசையில் ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. வாசகர் தேடி வருவதே அந்த இரண்டு விடயங்களுக்கும்தான். தெரியாது என்று நாங்கள் எழுதாவிட்டால், யாரோ ஒருவரின் வட்ஸ்அப் குரல் பதிவு அந்த இடத்தை நிரப்பிவிடும். அன்றைக்கும் அப்படி ஒன்று எனக்கே வந்தது: மின்சார சபையில் வேலை செய்பவராம், மூன்று நாளாகுமாம், எல்லோரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்களாம். தண்ணீர் பிடித்து வைப்பது நல்ல யோசனைதான். மூன்று நாள் என்பதற்குத்தான் ஆதாரமே இல்லை.

இன்னொன்று, எங்கள் செய்தியில் இடங்களின் பெயர்கள் இருக்கின்றன. "நாடு முழுவதும்" என்ற சொல் இல்லை. ஆறு இடங்களில் கேட்டறிந்ததை ஆறு இடங்களாகவே எழுதினோம். அதிகாரபூர்வமாக நாடளாவியது என்று அறிவித்த பிறகு அந்தச் சொல்லைச் சேர்த்தோம். வாசிப்பவருக்கு இதில் பெரிய வேறுபாடு தெரியாது என்றாலும், அடுத்த செய்தியைத் திருத்தமாக எழுத இது உதவும். எந்த இடத்தை நாங்களே உறுதிப்படுத்தினோம், எதை அறிவித்தலில் இருந்து எடுத்தோம் என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியும்.

சரி, காரணத்துக்கு வருவோம்.

அன்று வலுசக்தி அமைச்சர் குமார ஜயகொடி ஊடகங்களிடம் சொன்னது இதுதான்: கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் உள்ள உப மின்நிலையத்தில், கட்டமைப்பின் மின்மாற்றி ஒன்றில் குரங்கு ஒன்று தொடுகையுற்றது, அதனால் கட்டமைப்பின் சமநிலை குழம்பியது. அவ்வளவுதான். இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டை ஒரு குரங்கு இருட்டாக்கியது என்று வெளிநாட்டு ஊடகங்கள் வரை தலைப்புப் போட்டன. அப்படியொரு தலைப்பை யார்தான் விடுவார்கள்? எங்கள் தளத்திலும் அன்றைக்கு அதிகம் வாசிக்கப்பட்டது குரங்குதான்.

நாங்கள் செய்தது அமைச்சர் சொன்னதை அமைச்சர் சொன்னதாகவே எழுதியது. "குரங்கால் நாடு இருளில்" என்ற தலைப்புக்கும் "பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு மோதியதே ஆரம்பம் என அமைச்சர் தெரிவிப்பு" என்ற தலைப்புக்கும் வாசகர் எண்ணிக்கையில் நிச்சயம் வித்தியாசம் இருக்கும். ஆனால் மேலதிக விளக்கம் அடுத்த நாட்களில் வந்தபோது இரண்டாவது தலைப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர் ஒருவருக்கு அழைப்பெடுத்தேன். பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் எப்போதும் பேசுவார். குரங்கு என்றதும் சிரித்தார்.

"தம்பி, உப மின்நிலையங்களில் குரங்கும் பாம்பும் காகமும் ஏறுறது புதுசில்லை. ஒவ்வொரு முறையும் நாடு முழுக்கவா இருண்டது? இந்த முறை மட்டும் ஏன் விழுந்தது எண்டு கேளுங்கோ. அதுதான் செய்தி."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய மொழியில் சொல்கிறேன். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடுகிறது. உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் அந்த 50 நிற்கும். ஓர் இடத்தில் பழுது ஏற்பட்டு உற்பத்தியில் ஒரு பகுதி கழன்றால் அதிர்வெண் இறங்கும். அப்போது பெரிய மின்நிலையங்களில் சுழன்றுகொண்டிருக்கும் பாரமான இயந்திரங்கள் உடனே நிற்காமல், தையல் மெசினில் காலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் ஓடுவதுபோல ஓடி, அந்தச் சில நொடிகளைத் தாங்கிக்கொடுக்கும். அதற்குள் பாதுகாப்பு ஏற்பாடுகள் சில பகுதிகளைத் தாமாகவே துண்டித்து மிச்சத்தைக் காப்பாற்றிவிடும். சாதாரண நாளில் இப்படித்தான் நடக்கும். ஒரு பகுதிக்குப் போகும், நாடு முழுக்கப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாதாரண நேரம் அல்ல. அலுவலகங்களும் பல தொழிற்சாலைகளும் மூடியிருப்பதால் தேவை குறைவு. வெயில் உச்சத்தில் இருப்பதால் வீட்டுக் கூரைகளிலும் களஞ்சியக் கூரைகளிலும் உள்ள சூரியத் தகடுகள் தேவையில் பெரும் பங்கைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த அளவுக்குச் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைக்கப்பட்டிருக்கும். சூரியத் தகட்டில் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை. போதாக்குறைக்குக் கட்டமைப்பு குழம்பினால் அதன் இன்வேட்டர் பாதுகாப்புக்காகத் தானாகவே அணைந்துவிடும். ஆகவே தாங்கிப்பிடிக்க ஆள் குறைந்த நேரத்தில் பழுது வந்தது. பிறகு மின்சார சபையின் விளக்கமும் இதே திசையில்தான் வந்தது: குறைந்த தேவை, அதிக சூரியசக்தி, அதனால் பலவீனமாக இருந்த கட்டமைப்பு.

அந்தப் பேச்சுக்குப் பிறகு காரணத்தை மூன்றாகப் பிரித்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எது தொடக்கியது? பாணந்துறையில் நடந்தது. அதைத் தொடர்ந்து எது விழுந்தது? நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் கழன்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவோட், மொத்தம் 900. ஏன் தாங்க முடியவில்லை? மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை நிலைமை. முதலாவதற்குப் பதில் அன்றைக்கே கிடைக்கும். இரண்டாவது அன்று மாலை அல்லது அடுத்த நாள். மூன்றாவது நாட்கணக்கில், சிலவேளை விசாரணை முடிந்த பிறகு. மூன்றையும் ஒரே சொல்லில் "காரணம்" என்று போட்டால் முதலாவதே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடும். முந்தைய மின்தடைகளிலும் மக்கள் மனதில் நிற்பது முதலாவது மட்டும்தான்: 2020இல் கெரவலப்பிட்டிய உப மின்நிலையம், 2021இல் கொட்டுகொட–பியகம கம்பி, 2023இல் கொத்மலை–பியகம கம்பி. ஓர் இடத்தில் வந்த பழுது ஏன் அந்த இடத்தோடு நிற்கவில்லை என்ற கேள்வி நான்கு முறையும் ஒன்றேதான்.

எப்போது வரும் என்ற கேள்வி செய்தி அறைக்குள் வருவதற்கு முன் மாடிப்படியிலேயே என்னைப் பிடித்துவிட்டது. நான்காம் மாடி அன்ரி கையில் வெறும் வாளியோடு நின்றபடி கேட்டார்: "தம்பி, நீங்கள் நியூஸிலதானே இருக்கிறியள். எப்ப வரும்?" அவரிடம் சொன்னதைத்தான் எழுதவும் செய்தோம். வரும் நேரம் ஒவ்வோர் இடத்துக்கும் வேறுபடும்; முன்னைய நாடளாவிய தடைகளில் எல்லா இடமும் திரும்ப ஆறேழு மணித்தியாலம் வரை ஆனது; இம்முறை அதைவிடக் கூடலாம், குறையலாம். அதிகாரி ஒருவர் "சில மணித்தியாலங்களில்" என்று சொன்னால், அதை யார் எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதோடு போட வேண்டும். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சொன்ன "சில மணித்தியாலங்கள்" மாலை நான்கு மணிக்கும் தளத்தின் மேலே நேரமில்லாமல் நின்றால், வாசிப்பவர் இன்னும் சில மணித்தியாலம் என்றுதான் எடுப்பார்.

ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஒரு பந்தியில் விளக்கிப் போட்டோம். அன்று எங்களுக்கு வந்த பாராட்டு அதற்குத்தான். பெரும்பாலான மின்நிலையங்கள் தொடங்குவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். பம்பிகள் ஓட வேண்டும், விசிறிகள் ஓட வேண்டும். எல்லாமே இருண்டுவிட்டால் வெளி உதவி இல்லாமல் தானே கிளம்பக்கூடியவற்றில் இருந்துதான் ஆரம்பிக்க முடியும். நமது நாட்டில் அது பெரும்பாலும் மலையகத்து நீர்மின் நிலையங்கள். அங்கே ஓர் இயந்திரத்தை ஓட்டி, ஒரு கம்பிக்கு உயிர் கொடுத்து, ஒரு பகுதியைச் சேர்த்து, 50 ஹேர்ட்ஸ் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த பகுதி. அவசரப்பட்டு நிறைய இடங்களை ஒன்றாகச் சேர்த்தால் மறுபடி விழும், முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதற்குள் வாசகருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. கரண்ட் திரும்பும் அந்த நொடியில் ஒரு பகுதியில் உள்ள எல்லாக் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் தண்ணீர் மோட்டரும் ஒன்றாகக் கிளம்பும். வழமையான சுமையைவிட அது பல மடங்கு. அதனால் வந்த கரண்ட் சில நிமிடத்தில் மறுபடி போகலாம். பெரிய சாமான்களின் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, ஒரு மின்குமிழை மட்டும் போட்டு வையுங்கள். அது எரிந்து கொஞ்ச நேரம் நிலையாக நின்ற பிறகு மற்றதைப் போடுங்கள் என்று எழுதினோம். வந்து, போய், வரும் இந்த ஆட்டத்தை "மீண்டும் நாடளாவிய மின்தடை" என்று யாரோ பகிரப் போகிறார்கள் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் மறுபடி அதே கைபேசிப் பட்டியலுக்கு அழைத்தால் போதும். கண்டியில் இருக்கிறது, நுகேகொடையில் இருக்கிறது, வெள்ளவத்தையில் மட்டும் போனது என்றால் அது சேர்க்கும் வேலையில் வந்த தடங்கல்.

சேவைகள் பற்றிய பகுதியில் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது. "வைத்தியசாலைகள், வங்கிகள், போக்குவரத்து முடங்கின" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது. பெரிய வைத்தியசாலைகளில் ஜெனரேட்டர் இருக்கிறது. நமது ரயில்கள் டீசலில் ஓடுகின்றன; மின்சாரம் போனதற்காக ரயில் நிற்காது, சமிக்ஞைகளில்தான் சிக்கல் வரலாம். காலி வீதியில் சமிக்ஞை விளக்குகள் அணைந்து சந்திகளில் பொலிஸார் கையால் வாகனங்களை விடுவதைக் கண்ணால் பார்த்து எழுதினோம். ஞாயிற்றுக்கிழமையில் வங்கிக் கிளைகளே பெரும்பாலும் திறந்திருக்காது, நின்றது ஏரிஎம். பெற்றோல் நிலையங்களில் ஜெனரேட்டர் இருப்பது அடிக்கும், இல்லாதது அடிக்காது.

கொழும்பில் ஆழமாக விசாரிக்க வேண்டிய சேவை தண்ணீர். நகருக்கு வரும் நீரில் பெரும் பகுதி களனி கங்கையில் இருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டுப் பம்பிகளால் தள்ளப்படுகிறது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீர் உயரத்தில் இருந்து தானாக இறங்கி வரும். ஆகவே கரண்ட் போன உடனே எல்லா இடத்திலும் குழாய் வறண்டுவிடாது; அழுத்தம் குறையும், உயரமான இடங்களுக்கும் குழாயின் கடைசி வீடுகளுக்கும் முதலில் நிற்கும். இதைவிட முந்தி இன்னொன்று நடக்கும். மாடிக்குடியிருப்புகளில் நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் நிறைய இருந்தாலும், அதை மேல்தாங்கிக்கு ஏற்றுகிற மோட்டர் நின்றுவிடும். எட்டு மாடிக் கட்டடத்தில் காலையில் எல்லோரும் குளித்து முடித்த நேரத்தில் கரண்ட் போனால் மேல்தாங்கி மத்தியானத்துக்குள் காலி. நான்காம் மாடி அன்ரியின் வாளிக்குக் காரணம் அம்பத்தளை அல்ல, எங்கள் கட்டடத்து மோட்டர். இரண்டையும் பிரித்து எழுதியதால்தான், தண்ணீர் நின்றவர்களுக்கு நீர் வழங்கல் சபையின் 1939ஐ அழைப்பதா, கட்டடத்தின் காவலாளியைத் தேடிப் போவதா என்று தெரிந்தது.

தொலைபேசிக் கோபுரங்களில் பற்றரி இருக்கும். அது சில மணித்தியாலம்தான் தாங்கும். அதனால் கரண்ட் போன முதல் மணித்தியாலத்தில் இணையம் நன்றாக இருந்து, மூன்றாவது நான்காவது மணித்தியாலத்தில் பலவீனமாகும். இது எழுதுகிறவர்களுக்கும் கணக்கில் இருக்க வேண்டிய விடயம். மத்தியானம் இரண்டரைக்கு மேல் படம் நிறைந்த நீண்ட செய்திகளை நிறுத்தி, தனி எழுத்தில் சின்னச் சின்னப் புதுப்பித்தல்களாக மாற்றினோம். ஒவ்வொன்றின் முதல் வரியிலும் நேரம். பழையதை அழிக்காமல் கீழே விட்டோம்.

அன்று அதிகம் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி எதிர்பாராதது: "எங்கட கூரையில சோலார் இருக்கு, வெயிலும் கொளுத்துது, ஏன் கரண்ட் இல்லை?" கட்டமைப்போடு இணைத்த சாதாரண சூரியத் தகட்டுத் தொகுதி, கட்டமைப்பில் மின்சாரம் இல்லாதபோது தானாக அணைந்துவிடும். இல்லையென்றால் வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரம் கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் கொல்லலாம். தனியாகப் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் எரியும். பணம் செலவழித்துத் தகடு போட்டவர்கள் பலருக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது. பூட்டும்போது யாரும் சொல்லவில்லையாம்.

மாலைக்குள் பகுதி பகுதியாக வரத் தொடங்கி, ஆறு மணியளவில் பெரும்பாலான இடங்களுக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எண்பது வீதம் வழமைக்குத் திரும்பியது" என்பதுபோல ஓர் அறிவித்தல் வந்தால், அது எதில் எண்பது வீதம்? உப மின்நிலையங்களிலா, பாவனையாளர்களிலா, தேவைப்படும் மெகாவோட்டிலா? ஒரு பெரிய உப மின்நிலையத்துக்கு உயிர் வந்துவிட்டது என்பதற்காக அதற்குக் கீழே உள்ள எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டது என்று ஆகாது. கொட்டாஞ்சேனை மருந்துக்கடைக்காரருக்கு வந்ததும் இன்சுலின் குளிர்ப்பெட்டி பற்றிய கவலை போனது; அதே வீதியின் மறுபக்கம் இன்னும் காத்திருந்தது. நாங்கள் "பெரும்பாலான பகுதிகளுக்கு" என்று எழுதி, இன்னும் வராத இடங்களில் இருப்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் அனுப்பச் சொன்னோம். அனுப்பியவர்களிடம் பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டோம். இருந்தால் அது அவர்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச்.

"வழமைக்குத் திரும்பியது" என்று எழுதி அன்று இரவே கோப்பை மூடியவர்களுக்கு அடுத்த நாள் வேலை காத்திருந்தது. நுரைச்சோலையை நீர்மின் போல உடனே கிளப்ப முடியாது. கொதிகலனை மெல்ல மெல்லச் சூடாக்கித்தான் கொண்டுவர வேண்டும். 2020இலும் இதே காரணத்தால்தான் மின்தடைக்குப் பிறகு சில நாட்கள் நேரம் குறித்த மின்வெட்டு வந்தது. இரவில் எல்லோருக்கும் கரண்ட் இருந்தாலும் 900 மெகாவோட் இன்னும் வெளியே நிற்கிறது. ஞாயிறு இரவுக்குப் போதுமானது திங்கட்கிழமை மாலைக்குப் போதாது. எனவே இரவுச் செய்தியின் கடைசியில் "நுரைச்சோலை இயந்திரங்கள் எப்போது இணையும் என்று அறிவிக்கப்படவில்லை, நாளை மாலை உச்சத் தேவை நேரத்தில் பற்றாக்குறை ஏற்படலாம்" என்று போட்டோம். பெப்ரவரி 10, 11 ஆகிய இரு நாட்களும் பிற்பகல் 3.30 முதல் இரவு 9.30 வரையான நேரத்துக்குள் வலயம் வலயமாக ஒன்றரை மணித்தியால மின்வெட்டு என்ற அறிவித்தல் வந்தபோது, வாசகருக்கு அது புதிய விபத்தாகத் தெரியவில்லை.

வலய அட்டவணையை வெளியிடுவதில் ஒரு தொந்தரவு உண்டு. பலருக்குத் தங்கள் வலயம் எது என்று தெரியாது. தெஹிவளைக்காரர் வெள்ளவத்தை நேரத்தைப் பார்த்து சோறு வைத்துவிடுவார். நாங்கள் வலயங்களைக் குறிக்கும் எழுத்துக்களை மட்டும் போடாமல் ஒவ்வொரு வலயத்தின் கீழும் அறிவித்தலில் உள்ள ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதினோம். அந்த இரண்டு நாளும் தளத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தேடியது குரங்கை அல்ல, தங்கள் ஊர்ப்பெயரை.

மூன்றாவது கேள்வியின் பதில் ஏப்ரலில் வேறு உருவத்தில் வந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கூரைச் சூரியத் தகடுகளை அணைத்து வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வெயில் அடிக்கும் நேரத்தில் சோலாரை அணைக்கச் சொல்வதா என்று பலர் கொதித்தார்கள். நீண்ட விடுமுறை, மூடிய தொழிற்சாலைகள், குறைந்த தேவை, உச்ச வெயில்: பெப்ரவரி ஞாயிறின் அதே நிலைமை, இம்முறை ஒன்பது நாளுக்கு. அந்த அறிவித்தலைச் செய்தியாக்கியபோது பாணந்துறைச் செய்தியில் இருந்த மூன்றாம் பந்தியை அப்படியே எடுத்து நடுவில் வைத்தோம். குரங்கு இருந்த முதல் பந்தி தேவைப்படவில்லை.